ஒரே பரவல், எதிரெதிர் விடை: ஒரு வெள்ளி நாணயத்தை வைத்துக் கேள்வி பதில்

கிளமென்டியிலிருந்து, பல்கலைக்கழக இரண்டாம் ஆண்டு மாணவி: சார், பரவலில் குவிதல் நிகழ்தகவில் குவிதலைவிட வலுக்குறைந்தது என்று குறிப்பில் ஒரே வரிதான் இருக்கிறது. ஒரு எடுத்துக்காட்டில் காட்டுவீர்களா?

ஒரு வெள்ளி நாணயத்தை ஒரே ஒரு தடவை சுண்டி மேசையில் விழவிடுங்கள். மேலே மெர்லயன் தெரிந்தால் X = 1, அரசுச் சின்னம் தெரிந்தால் X = 0. இனி n எதுவானாலும் Xₙ = 1 − X என்று வையுங்கள். இதற்காக மறுபடி சுண்டவில்லை. அதே நாணயத்தின் அடிப்பக்கத்தில் மெர்லயன் இருக்கிறதா என்று பார்க்கிறோம், அவ்வளவுதான்.

நாணயம் சீரானது. அதனால் மேல்பக்கத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் ஒரே அட்டவணை: 0 வர 1/2, 1 வர 1/2. பரவல் சார்பும் ஒன்றே. 0-க்குக் கீழே 0, 0-இலிருந்து 1-க்கு முன்புவரை 1/2, அதன்பிறகு 1. ஆகவே Xₙ பரவலில் X-ஐ நோக்கிக் குவிகிறது. முதல் n-இலேயே இடைவெளி இல்லை.

இப்போது இரண்டையும் ஒரே சுண்டலில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மேலே 1 என்றால் அடியில் 0. மேலே 0 என்றால் அடியில் 1. |Xₙ − X| எப்போதும் 1. எனவே P(|Xₙ − X| > 1/2) = 1, எந்த n-க்கும். நிகழ்தகவில் குவிய வேண்டுமானால் இது 0-ஐ நோக்கிப் போக வேண்டும். இங்கே அசையக்கூட இல்லை.

பரவலில் குவிதல் ஒவ்வொரு மாறியின் அட்டவணையையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. ஒரே சுண்டலில் இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்ற கேள்வியை அது கேட்பதே இல்லை.

ஈசூனிலிருந்து, தொடக்கக் கல்லூரி மாணவர்: நாணயம் ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்ததாக இருந்தாலும் இதே விடைதானே, அண்ணா?

இல்லை தம்பி. மெர்லயன் மேலே விழ 0.6 என்று வையுங்கள். X = 1 ஆக 0.6, ஆனால் 1 − X = 1 ஆக 0.4. பரவல் சார்புகளை 1/2-இல் பார்த்தால் ஒன்று 0.4, மற்றது 0.6. அந்த 0.2 இடைவெளி n வளர்ந்தாலும் மூடாது. அப்போது பரவலில்கூட X-இடம் குவிவதில்லை. சீரான நாணயம் தேவைப்படுவது இதற்காகத்தான்.

சாய்ந்த நாணயத்தோடுதான் காட்ட வேண்டுமென்றால், அதை இன்னொரு தடவை தனியாகச் சுண்டி அந்த விடையை Xₙ ஆக எடுங்கள். பரவல் ஒன்றாகிவிடும். இரண்டு விடையும் வேறுபட 2 × 0.6 × 0.4 = 0.48 வாய்ப்பு, அது n-ஐச் சார்ந்ததல்ல, குறையாது.

பொங்கோலிலிருந்து, முதுகலை மாணவர்: உங்கள் தொடரில் எல்லா Xₙ-உம் ஒரே மாறி. மாறாத தொடர் நிகழ்தகவில் குவியாமல் எங்கே போகும்? எடுத்துக்காட்டே தவறு.

முதல் பாதி சரி. அந்தத் தொடர் நிகழ்தகவில் குவியத்தான் செய்கிறது, ஆனால் 1 − X என்ற மாறியிடம், X-இடம் அல்ல. நாம் மறுப்பது “X-இடம் குவிகிறது” என்பதை மட்டும். தேர்வில் “Xₙ நிகழ்தகவில் குவியாது” என்று வெறுமனே எழுதினால் நீங்கள் சொன்ன இதே காரணத்துக்காக மதிப்பெண் போகும். எதனிடம் என்று எழுதுங்கள்.

எதனிடமும் குவியாத தொடர் வேண்டுமா? n இரட்டைப்படை என்றால் மேல்பக்கம், ஒற்றைப்படை என்றால் அடிப்பக்கம். எல்லாவற்றுக்கும் பரவல் ஒன்றே. ஆனால் அடுத்தடுத்த இரண்டும் எப்போதும் 1 தள்ளி நிற்கின்றன. Y என்று எதை எடுத்தாலும் அந்த இரண்டில் ஒன்றாவது Y-இலிருந்து குறைந்தது 1/2 தள்ளி இருந்தே ஆக வேண்டும். ஆகவே P(|Xₙ − Y| ≥ 1/2), P(|Xₙ₊₁ − Y| ≥ 1/2) இரண்டையும் கூட்டினால் 1-க்குக் குறையாது. இரண்டும் சேர்ந்து 0-க்குப் போக வழியில்லை.

துவாஸிலிருந்து, ஆலைத் தரக்கட்டுப்பாட்டில் இருப்பவர்: எங்களிடம் பழைய உணரி ஒன்று, புதியது ஒன்று. ஒரு மாத அளவீடுகளின் ஹிஸ்டோகிராம் இரண்டும் அச்சு அசலாகப் பொருந்துகின்றன. பழையதைக் கழற்றிவிடலாமா?

ஹிஸ்டோகிராம் பொருந்துவதை வைத்து மட்டும் கழற்றாதீர்கள். அது மேல்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் தனித்தனியாக எண்ணிப் பார்ப்பதுதான். இதை ஓட்டிப் பாருங்கள்:

```python
import numpy as np
r = np.random.default_rng(7)
x = r.integers(0, 2, 100000)
y = 1 - x
print(x.mean(), y.mean())
print(np.mean(abs(y - x) > 0.5))
```

முதல் வரியில் இரண்டு எண்ணும் 0.5-ஐ ஒட்டி வரும். இரண்டாவது வரியில் சரியாக 1.0. லட்சம் தடவையில் ஒரு தடவைகூட ஒத்துப்போகவில்லை.

உங்கள் தரவில் ஒரே நேரமுத்திரை உள்ள அளவீடுகளை இணை இணையாகச் சேர்த்து, வித்தியாசத்தைக் கணக்கிடுங்கள். நேரமுத்திரையைக் கைவிட்டு, ஏறுவரிசையில் அடுக்கிய பிறகு இணைப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. அடுக்கினால் இந்த நாணயமும் ஏறத்தாழ முழுப்பொருத்தம் காட்டும். எவ்வளவு வித்தியாசம்வரை பொறுக்கலாம் என்பது உங்கள் ஆலையின் வேலையைப் பொறுத்தது. இந்தத் தேற்றங்களிலிருந்து அந்த விடை வராது.

தெம்பனிஸிலிருந்து, துணைப்பாட ஆசிரியை: ஆயிரம் தடவை சுண்டினால் மெர்லயன் விகிதம் 1/2-ஐ நெருங்குமே, அதைத்தானே பரவலில் குவிதல் என்கிறீர்கள்? அங்கே ஒரு குறையும் இல்லையே?

நீங்கள் சொல்வது பேரெண் விதி, டீச்சர். அது நிகழ்தகவிலேயே குவிகிறது. அங்கே எல்லை 1/2 என்ற மாறாத எண். எல்லை மாறிலியாக இருந்தால் இரண்டு வகைக் குவிதலும் ஒன்றுதான். n சுண்டல்களின் மெர்லயன் விகிதத்தை Xₙ என்றால், |Xₙ − 1/2| எவ்வளவு என்பதை Xₙ-இன் அட்டவணையே சொல்லிவிடும். ஒத்துப்பார்க்க இரண்டாவது மாறி இல்லாததால் விட்டுப்போக எதுவும் இல்லை.

குறை தெரிவது மைய எல்லைத் தேற்றத்தில். மெர்லயனுக்கு +1, சின்னத்துக்கு −1 என்று n சுண்டல்களைக் கூட்டி √n-ஆல் வகுத்தது Zₙ. இது பரவலில் இயல்நிலையை நோக்கிக் குவிகிறது. நிகழ்தகவிலும் குவிந்தால், Z₂ₙ-க்கும் Zₙ-க்கும் உள்ள வித்தியாசம் 0-ஐ நோக்கிச் சுருங்க வேண்டும். பின்பாதி n சுண்டல்களுக்கும் இதே கணக்கைப் போட்டு வருவதை Wₙ என்போம். அது Zₙ-ஐச் சாராதது. அப்போது

Z₂ₙ = (Zₙ + Wₙ)/√2

வித்தியாசத்தில் Zₙ-இன் கெழு 1/√2 − 1, Wₙ-இன் கெழு 1/√2. இரண்டையும் வர்க்கம் எடுத்துக் கூட்டினால் பரவற்படி 2 − √2, சுமார் 0.586. இதில் n வரவே இல்லை. n மிகப் பெரிதானாலும் Z₂ₙ, Zₙ-இலிருந்து 0.5-க்கு மேல் விலகியிருக்க ஏறக்குறைய 51 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. ஹிஸ்டோகிராம் மணி வடிவத்தில் நிலைத்துவிடும்; ஒரு தனிச் சுண்டல் தொடரைப் பின்தொடர்ந்தால் Zₙ எங்கும் நிலைக்காது.

கிளமென்டி மாணவி மீண்டும்: எதிர்த்திசை, அதாவது நிகழ்தகவில் குவிந்தால் பரவலிலும் குவியும் என்பது, எப்போதும் உண்மையா சார்?

எப்போதும். Xₙ ≤ x என்றால் ஒன்று X ≤ x + ε, இல்லாவிட்டால் இரண்டும் ε-க்கு மேல் விலகியிருக்கின்றன. அதனால்

P(Xₙ ≤ x) ≤ P(X ≤ x + ε) + P(|Xₙ − X| > ε)

கடைசி உறுப்பு 0-க்குப் போகிறது. கீழிருந்தும் இதேபோல x − ε வைத்து எழுதி, ε-ஐச் சுருக்குங்கள். X-இன் பரவல் சார்பு x-இல் தொடர்ச்சியாக இருந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்துவிடும். நம் நாணயத்தில் 0-உம் 1-உம் மட்டுமே துள்ளும் புள்ளிகள். அந்த இரண்டையும் விட்டுவிட வரையறையே அனுமதிக்கிறது.