மேனேஜர் ‘சரி.’ என்று மட்டும் பதில் போட்டால்: கேள்வி பதில்

பதினோரு வருடமாக டீம்களை நடத்துகிறேன். அதற்கு முன்னால் என் மேனேஜரின் ஒற்றைச் சொல் பதில்களைப் பார்த்துப் பார்த்துப் பயந்தவள்தான் நானும். கேளுங்கள்.

“நேற்று மதியம் பதினாலு வரியில் மெயில் போட்டேன் அக்கா, கீழே ஒட்டியிருக்கிறேன். மூன்று விஷயம் கேட்டிருந்தேன். வந்தது ‘சரி.’ மட்டும். கோபம்தானே?”

படித்தேன்மா. முதலில் ரிப்போர்ட் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போகிறது என்கிறாய், அப்புறம் இரண்டு வடிவத்தில் எது வேண்டும் என்கிறாய், கடைசி வரியில் வெள்ளிக்கிழமை லீவு எடுத்துக்கொள்ளட்டுமா என்கிறாய். நீ அனுப்பியது 2.58, அவர் பதில் 3.01. மூன்று மணிக்கு அவருக்கு மீட்டிங் என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்த ‘சரி’யை மூன்று கேள்விக்கும் பக்கத்தில் வைத்துப் பார். ‘எது வேண்டும்’ என்பதற்கு ‘சரி’ பதிலே ஆகாது, லீவு கேள்விக்குத்தான் பொருந்துகிறது. போனில் மேலோட்டமாக ஓட்டி, கண்ணில் கடைசியாகப் பட்டதற்குப் பதில் போட்டுவிட்டு உள்ளே போயிருக்கிறார்.

அவசரம் எதையாவது விட்டுவிடும். கோபம் பெரும்பாலும் விடாது. உன் மேல் கோபமாக இருந்தால் தேதி தள்ளிப்போனதைத்தான் முதலில் பிடித்திருப்பார். இதை வைத்து அவசரம் என்றுதான் சொல்வேன், ஆனால் அடித்துச் சொல்ல முடியாது. இன்றைக்கு ஒரே ஒரு வரி அனுப்பு: “ரிப்போர்ட் முதல் வடிவத்திலா, இரண்டாவதிலா?” அவ்வளவுதான். “கோபமா சார்?” என்று மட்டும் கேட்காதே, இல்லாத கோபத்துக்கு அவர் விளக்கம் சொல்ல வேண்டி வரும்.

“சொல்லுக்குப் பின்னால் முற்றுப்புள்ளி வைத்தால் கோபம் என்று ஆராய்ச்சியே இருக்கிறதே?”

பாதி சரிங்க. பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் நடந்து 2015 கடைசியில் வெளிவந்த ஆய்வு அது. 126 கல்லூரி மாணவர்களுக்குச் சில குறுஞ்செய்திகளைக் காட்டினார்கள். ஒற்றைச் சொல் பதில் புள்ளியோடு முடிந்தபோது, மனதிலிருந்து வராத பதில் மாதிரி அவர்களுக்குப் பட்டது. அதையே கையால் எழுதிய சீட்டாகக் காட்டியபோது அந்த வித்தியாசம் இல்லை. கோபமா என்று அதில் யாரும் கேட்கவும் இல்லை, படித்தவர்கள் எல்லாம் இளவட்டம். வாழ்க்கை முழுக்க மெயில் எழுதிப் பழகியவர் எந்த வாக்கியத்துக்கும் புள்ளி வைப்பார். அவர் அனுப்பிய கடைசி இருபது செய்தியைப் புரட்டுங்கள். எல்லாவற்றிலும் புள்ளி இருந்தால் அது வெறும் கைப்பழக்கம்.

“நான் மேனேஜர். என் டீம் பையன் எதற்கும் ‘ம்’ என்றுதான் போடுகிறான். மரியாதை இல்லாமல்தானே?”

சார், இங்கே பேசிக்கொண்டிருப்பது நேர் எதிர்ப்பக்கம். ஆனாலும் நீங்கள் வந்தது நல்லது. 2005-இல் வந்த ஓர் ஆய்வில், மெயிலில் கிண்டலாக எழுதினதையும் நிஜமாக எழுதினதையும் எதிராளி பிரித்தறிவாரா என்று பார்த்தார்கள். நூற்றுக்கு 78 முறை சரியாகப் புரியும் என்று எழுதினவர்கள் நம்பினார்கள். புரிந்தது 56 தடவைதான், காசு சுண்டிப் பார்ப்பதற்குக் கொஞ்சம் மேலே. அந்தப் பையனின் ‘ம்’ உங்களுக்கு எப்படி உறுத்துகிறதோ, உங்கள் ‘சரி’ அவனை அப்படியே உறுத்தலாம். அவசரமென்றால் ‘மீட்டிங்கில் இருக்கிறேன், மாலை பார்க்கிறேன்’ என்று சேர்த்து எழுதுங்கள். அதற்கு ஐந்து வினாடிதான் ஆகும்.

“அப்படியானால் நிஜக் கோபம் எப்படித்தான் தெரியும் மேடம்?”

பதில் சின்னதானதை விட, பழக்கம் மாறினதைத்தான் நான் பார்ப்பேன். என் பழைய மேனேஜர் ஒருவர் தினமும் செல்லப் பெயரில்தான் கூப்பிடுவார், எழுத்துப் பிழை நிறைய இருக்கும். நான் ஒரு கணக்கைத் தப்பாக அனுப்பிய அன்றைக்கு என் முழுப் பெயரோடு, ஒரு பிழைகூட இல்லாமல், “இதை இன்று 5 மணிக்குள் சரிசெய்யவும்” என்று வந்தது. நகலில் அவருடைய மேலதிகாரியும் இருந்தார். நீளம் அதே ஒரு வரிதான். ஆனால் உட்கார்ந்து யோசித்து எழுதின வரி அது. அதே மணி நேரத்தில் மற்றவர்களோடு வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தார் என்பதையும் கவனித்தேன். எல்லோருக்கும் ஒற்றைச் சொல் போயிருந்தால் அன்றைக்கு அவருக்கு வேலை நெருக்கடி என்று விட்டிருப்பேன்.

“எங்கள் ஆள் மூன்று வருடமாக எல்லோருக்கும் ‘பார்த்தேன்’ மட்டும்தான். ஒப்பிட எதுவுமே இல்லையே?”

உங்களுக்கு எழுத்து உதவாதுங்க. வேலை உங்களிடம் வருவது குறைகிறதா, முன்னால் உங்களைக் கேட்டுச் செய்ததை இப்போது வேறொருவரிடம் கேட்கிறாரா என்று பாருங்கள். அதுவும் கோபத்தால்தான் என்று சொல்ல முடியாது, உங்கள் தலையில் ஏற்கெனவே பாரம் அதிகம் என்று நினைத்தும் மாற்றியிருப்பார். இந்த மாதிரி ஆளிடம் நான் நேரில் போய் வேலையைப் பற்றி இரண்டு நிமிடம் பேசிவிடுவேன், குரலில் பாதி தெரிந்துவிடும். மீதிப் பாதி சிலரிடம் எனக்கு இன்னும் பிடிபட்டதில்லை.