இரு பக்கச் சரிவுக் கூரை: ஒரே இன்வெர்ட்டரா, பேனலுக்கு ஒன்றா?

கிழக்குச் சரிவில் 8 சோலார் பேனல், மேற்குச் சரிவில் 4 பேனல். பன்னிரண்டையும் ஒரே ஸ்ட்ரிங்காகக் கோத்து ஒரு இன்வெர்ட்டரில் கொடுத்துவிடலாம் என்கிறார் பொருத்துபவர். சரியா?

கூடாது. சீரீஸாகக் கோத்த பேனல்கள் அத்தனையிலும் ஒரே அளவு கரண்ட்தான் ஓடும். உங்களுடையது 410 வாட் பேனல், வேலை செய்யும்போது சுமார் 31 வோல்ட் தரும் என்று வைத்துக்கொள்வோம். காலையில் கிழக்குப் பேனல்களால் 10 ஆம்பியரும் மேற்குப் பேனல்களால் 3 ஆம்பியரும் தர முடிகிறது. இப்போது இன்வெர்ட்டருக்கு இரண்டே வழி. பன்னிரண்டையும் 3 ஆம்பியரில் ஓட்டினால் ஏறக்குறைய 1,110 வாட். 10 ஆம்பியர் இழுத்தால், மேற்கின் நான்கு பேனல்களையும் அவற்றின் பைபாஸ் டயோடுகள் ஒதுக்கிவிடும். கிழக்கின் எட்டு மட்டும் ஏறக்குறைய 2,400 வாட் தரும். இரண்டு சரிவும் தனித்தனியாக இயங்கியிருந்தால் 2,850 வாட்.

பிற்பகலில்தான் உண்மையான அடி. மேற்கு 10 ஆம்பியர், கிழக்கு 3 ஆம்பியர் என்று தலைகீழாகும்போது எந்த வழியில் போனாலும் 1,100 வாட்டைச் சுற்றித்தான் கிடைக்கும். தனித்தனியாக இருந்தால் 1,980 வாட் வந்திருக்கும். இரு பக்கத்திலும் வெயில் சமமாக விழும் நண்பகலில் இழப்பே தெரியாது. அதனால் நண்பகலில் மட்டும் சோதித்துப் பார்த்து ‘எல்லாம் சரி’ என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

அப்படியானால் பேனலுக்கு ஒன்றாக மாட்டும் மைக்ரோ இன்வெர்ட்டர்தான் ஒரே தீர்வா?

இல்லை. மேலே சொன்னது கோத்த விதத்தின் கோளாறு; அதை வைத்து ஸ்ட்ரிங் இன்வெர்ட்டரையே குறை சொல்வது நியாயமில்லை. எம்.பி.பி.டி. என்பது பேனல்களிடமிருந்து அதிகபட்ச வாட் கிடைக்கும் வோல்டேஜைத் தேடிப் பிடிக்கும் பகுதி. அது இரண்டு உள்ள ஒரே இன்வெர்ட்டரில் கிழக்கை ஒன்றிலும் மேற்கை மற்றொன்றிலும் கொடுத்தால், ஒவ்வொரு சரிவும் தனக்கேற்ற கரண்டில் ஓடும். நிழலே விழாத இருபக்கக் கூரைக்கு என் தேர்வு இதுதான். வாங்கும்போது ஏமாற வேண்டாம்: வெளியே இரண்டு ஜோடி இணைப்பு முனைகள் இருந்தாலும் உள்ளே ஒரே எம்.பி.பி.டி. இருக்கக்கூடும். விவரத்தாளில் எம்.பி.பி.டி. எண்ணிக்கை தனி வரியில் இருக்கும், அதைப் பாருங்கள்.

நான்கு பேனல் மட்டும் உள்ள பக்கத்துக்கு இது ஒத்துவருமா?

இங்கேதான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். நான்கு பேனலுக்கு 124 வோல்ட். ஆனால் அந்த 31 வோல்ட், செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. கடும் வெயிலில் செல் 65 டிகிரியைத் தொட்டால் வோல்டேஜ் எட்டில் ஒரு பங்குக்கு மேல் குறைந்து 108க்கு அருகில் வந்துவிடும். இன்வெர்ட்டரின் எம்.பி.பி.டி. வரம்பு 90 வோல்ட்டில் தொடங்கினால் சமாளிக்கலாம். 120ல் தொடங்கினால் நல்ல வெயில் நேரத்தில் அந்தப் பக்கம் முழுத் திறனைத் தராது. மூன்று பேனல் என்றால் 80 வோல்ட்தான் மிஞ்சும். அவ்வளவு சிறிய சரிவுக்கு மைக்ரோ இன்வெர்ட்டரே பொருத்தம், ஒவ்வொரு பேனலும் தன்னந்தனியாக இயங்குவதால் எண்ணிக்கை பிரச்சினையே இல்லை.

இரு பக்கமும் ஆறு ஆறு பேனல். கையில் இருப்பது ஒரே எம்.பி.பி.டி. இன்வெர்ட்டர். மாற்றத்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை. இரண்டு ஸ்ட்ரிங்கையும் பேரலலாக இணையுங்கள். வெயில் குறைந்தால் கரண்ட்தான் பெரிதும் விழும், வோல்டேஜ் கொஞ்சமே மாறும். ஆகவே இழப்பு சொற்பம். இரு பக்கமும் ஒரே மாடல், ஒரே எண்ணிக்கை என்பது கட்டாயம். இரண்டு ஸ்ட்ரிங்கின் கரண்டும் சேர்ந்து இன்வெர்ட்டரின் உள்ளீட்டு வரம்பைத் தாண்டுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

மேற்குப் பக்கத்தில் பகலெல்லாம் புகைபோக்கியின் நிழல் ஒவ்வொரு பேனலாக நகர்கிறது. இப்போதாவது மைக்ரோதானே?

ஆம், அதற்காகத்தான் அது. நிழல் விழும் பேனல் மட்டும் இறங்கும், பக்கத்துப் பேனல்கள் தம்பாட்டுக்கு ஓடும். இரண்டு விஷயங்களை எடைபோட்டுக்கொள்ளுங்கள். பழுதானால் சுவரில் மாட்டியிருப்பதைக் கழற்றுவது போலல்ல. கூரை ஏறி, பேனலைத் தூக்கி மாற்ற வேண்டும். இன்னொன்று, 410 வாட் பேனலுக்கு 300 வாட் மைக்ரோ போட்டால் உச்ச வெயிலில் ஒவ்வொரு பேனலும் 300லேயே நின்றுவிடும். கிழக்கும் மேற்கும் ஒரே நேரத்தில் உச்சம் தொடாததால், பொதுவான இன்வெர்ட்டரைச் சற்றுச் சிறிதாகப் போட்டாலும் அது தாங்கிக்கொள்ளும். மைக்ரோவில் ஒரு பக்கத்தின் மிச்சத்தை மறுபக்கம் பயன்படுத்த வழியில்லை.

ஏற்கெனவே பொருத்தியாகிவிட்டது. எப்படிக் கோத்திருக்கிறார்கள் என்று கீழிருந்தே அறிய முடியுமா?

காலை வெயிலில் இன்வெர்ட்டர் திரையில் PV1, PV2 என்ற இரண்டு உள்ளீடுகளின் ஆம்பியரையும் பாருங்கள். ஒன்று அதிகமாகவும் மற்றொன்று குறைவாகவும் இருந்து, மாலையில் அது மாறினால் சரியாகப் பிரித்திருக்கிறார்கள். PV2 நாள் முழுக்கப் பூஜ்யம், PV1 மட்டும் நண்பகலில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் நின்று பிற்பகலில் சடாரென்று நூற்றுச் சொச்சத்துக்கு இறங்குகிறது என்றால் பன்னிரண்டும் ஒரே வரிசையில் இருக்கின்றன. பொருத்தியவரை அழைத்து, மேற்கு நான்கையும் பிரித்து PV2இல் கொடுக்கச் சொல்லுங்கள்.