தலைப்பில் கேள்விக்குறி எப்போது உறுத்தும்?

"'தேங்காய் எண்ணெய் இதயத்துக்கு ஆபத்தா?' என்று தலைப்பு வைத்தேன். கிளிக்பைட் என்று திட்டுகிறார்கள். கேள்வியே கேட்கக் கூடாதா?"

கேட்கலாம். ஆனால் ஆமாம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்வி வேண்டாம். அதிலும் 'ஆபத்தா' என்பது பயமுறுத்திக் கூப்பிடுவது. உள்ளே வந்தவருக்கு 'அளவோடு சேர்த்தால் பரவாயில்லை' என்ற பதில் கடைசிப் பத்தியில்தான் கிடைத்திருக்கும், எரிச்சல் அங்கேதான் வந்திருக்கும்.

இயன் பெட்டரிஜ் என்ற பத்திரிகையாளர் 2009-இல் இதைக் கிண்டலாகவே சொன்னார்: கேள்விக்குறியில் முடியும் எந்தத் தலைப்புக்கும் 'இல்லை' என்று பதில் சொல்லிவிடலாம். உங்கள் தலைப்புக்குச் சொல்லிப் பாருங்கள். கட்டுரையைத் திறக்கவே வேண்டியதில்லை என்று தோன்றினால் தலைப்பை மாற்றுங்கள்.

தெரிந்ததைச் சொல்லிவிட்டு, வாசகர் அடுத்து கேட்கப்போவதைக் கேளுங்கள்: 'தேங்காய் எண்ணெய் கெட்ட கொழுப்பைக் கூட்டும்: சமையலில் எவ்வளவு சேர்க்கலாம்?' இது சமையலறையில் நிற்பவர் தானே கேட்கும் கேள்வி. அந்த அளவை முதல் இரண்டு பத்திக்குள் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் இதுவும் தூண்டில்தான்.

ஆய்வாளர்களே முடிவுக்கு வராத விஷயத்துக்கு ஆமாம்-இல்லை கேள்வியும் நியாயம்தான், இரு தரப்பையும் உள்ளே எழுதியிருந்தால். அப்புறம், ஒருவர் பெயரைப் போட்டு 'லஞ்சம் வாங்கினாரா?' என்று மட்டும் கேட்காதீர்கள். கேள்விக்குறி இருப்பதாலேயே அவதூறு வழக்கிலிருந்து தப்பிவிட முடியாது.