ராமர் பச்சை நீலமா, பச்சையா?

கேள்வி: நகரியில் இருக்கிறோம். வீட்டில் தமிழ், வெளியே தெலுங்கு. ஒரே சேலையை நான் நீலம் என்கிறேன், பக்கத்து வீட்டுத் தெலுங்கு அத்தை பச்சை என்கிறார். மொழிக்கு மொழி நீலமும் பச்சையும் மாறுவது ஏன்? பெயர் இல்லாத நிறம் கண்ணுக்கே தெரியாது என்கிறார்களே, உண்மையா?

உண்மை இல்லை. பெயர் இல்லாத நிறமும் கண்ணுக்கு நன்றாகவே தெரியும். பெயர் வேலை செய்வது அதற்கு அடுத்த படியில்: இரண்டு நிறங்களை ஒப்பிடும்போது, நினைவில் வைக்கும்போது, இன்னொருவரிடம் சொல்லும்போது.

முதலில் உங்கள் சேலை. நகரி, புத்தூர், ஏகாம்பரகுப்பம் பக்கம் இந்தச் சண்டையைக் கிளப்புகிற சேலை பெரும்பாலும் ராமர் பச்சை, ராமர் ப்ளூ, ஆனந்தா ப்ளூ, மயில்கழுத்து இவற்றில் ஒன்றாக இருக்கும். மயில்கழுத்து என்றால் மொழியை இழுக்கவே வேண்டாம். முந்தியின் பிசிறிலிருந்து ஒரு பாவு நூலும் ஒரு ஊடை நூலும் உருவி வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். ஒன்று நீலம், மற்றது பச்சை என்றிருந்தால் அது இரட்டை நிறத் துணி. மடிப்பு திரும்பினால் நிறமும் திரும்பும், நீங்கள் இருவர் சொல்வதும் சரி. இரண்டு நூலும் ஒரே நிறமாக இருந்தால்தான் உங்கள் கேள்விக்கு இடமுண்டு.

ராமர் பச்சை ஒளியலை நீளத்தில் சுமார் 490 நானோமீட்டர் பக்கத்து நிறம். நீலம் மெல்ல மெல்லப் பச்சையாகிற இடம் அது. இயற்கையில் அங்கே கோடு ஏதும் கிடையாது, எங்கே கோடு போடுவது என்பதை ஒவ்வொரு மொழியும் தானாக முடிவு செய்கிறது. பிரென்ட் பெர்லின், பால் கே என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1969-இல் பல மொழிகளை ஒப்பிட்டு ஒரு வரிசையைக் காட்டினார்கள். கறுப்பு, வெள்ளைக்குப் பிறகு சிவப்புக்குப் பெயர் வரும், பிறகு பச்சையும் மஞ்சளும், நீலத்துக்குத் தனிப் பெயர் அதற்கும் பின்னால்தான் வரும் என்றார்கள். அதைச் சோதிக்க, எழுத்து வழக்கு இல்லாத 110 மொழிகளின் மக்களிடம் 330 நிறச் சில்லுகளைக் காட்டிப் பெயர் கேட்டார்கள். நீலத்துக்கும் பச்சைக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழிகள் அதில் ஏராளம். வரிசை அப்படியே எல்லா மொழிக்கும் பொருந்தாது என்று பிறகு திருத்தங்களும் வந்தன. மொழியியல் படித்தவர்கள் அதற்காக என்னோடு மல்லுக்கு நிற்க வேண்டாம், நீலம் தாமதமாகத்தான் பெயர் பெறுகிறது என்ற போக்கு மட்டும் நிலைத்து நிற்கிறது.

ஏன் தாமதம்? நம்பகமான விளக்கம், தேவை என்பதுதான். மனிதர்கள் கையில் எடுத்து, சுட்டிக்காட்டிப் பேசுகிற பொருள்களில் சிவப்பு, மஞ்சள், பழுப்புச் சாயல் அதிகம். நீலமும் பச்சையும் பெரும்பாலும் பின்னணி: வானம், நீர், காடு. 2017-இல் எட்வர்ட் கிப்சன் குழு பொலிவியாவின் சிமானே மக்களிடமும் அந்த 110 மொழிகளின் தரவிலும் இதைப் பார்த்தது. சிவப்புப் பக்கத்து நிறங்களைத்தான் எல்லா மொழிகளும் துல்லியமாகச் சொல்கின்றன. வானத்தை ‘அந்த நீல நிறத்தை எடு’ என்று யாரும் கேட்பதில்லை. சாயம் போட்ட துணியும் பூசிய பொருளும் பெருகும்போதுதான் அந்த வேறுபாட்டைச் சொல்ல வேண்டிய கட்டாயம் வருகிறது. அவுரிச் சாயத்துக்கே நீலம் என்று பேர் இருப்பதை நெசவுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த எல்லைப் பக்கத்தில் மனதை நோகடிக்கிற பேச்சு ஒன்று உண்டு. ‘தெலுங்கர்களுக்கு மஞ்சளும் பச்சையும் ஒன்றுதான், வித்தியாசமே தெரியாது’ என்று நம் ஆட்களே கேலி செய்கிறார்கள். பச்ச என்ற சொல் தெலுங்கில் இரண்டுக்கும் வருவது உண்மை. நாம் மஞ்சள் காமாலை என்பதை அவர்கள் பச்ச காமெர்லு என்பார்கள். ஆனால் பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ஆகுபச்ச, பசுபுபச்ச என்று இலையையும் மஞ்சள் கிழங்கையும் முன்னால் வைத்துத் தெளிவாகப் பிரிக்கிறார்கள். கேலி செய்கிறவர்கள் தங்கள் முன்கையைத் திருப்பிப் பார்க்கட்டும். ஆங்கிலத்தில் நீலம் என்று சொல்லப்படும் நரம்பை நாம் பச்சை நரம்பு என்கிறோம். கரியைக் குத்தித் தோலுக்கடியில் நீலம் பாரித்துத் தெரிவதைத் தமிழும் மலையாளமும் பச்சை குத்துவது என்கின்றன, தெலுங்கு பச்சபொட்டு என்கிறது. இதை வைத்து நமக்கு நீலம் தெரியாது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வோமா?

ஜப்பானிலும் இதே கதை. அங்கே ‘ஆவோ’ என்ற சொல் நீலத்துக்கும் இளம் பச்சைக்கும் பொது. சாலைச் சிக்னலின் பச்சை விளக்குக்கும் ஆவோ என்றே பெயர். 1973-இல் அரசாங்கம், சர்வதேச விதி அனுமதிக்கும் பச்சையிலேயே மிக நீலமான சாயலைத் தேர்ந்து, விளக்கைச் சொல்லுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தது.

இனி, பெயர் கவனத்தை எப்படி இழுக்கிறது என்பது. இதில் 1984-இல் பால் கேயும் வில்லெட் கெம்ப்டனும் செய்த சோதனையை நான் மிகவும் மதிக்கிறேன். மூன்று சில்லுகளைக் காட்டி எது தனித்து நிற்கிறது என்று கேட்டார்கள். நீலம், பச்சை என்று இரு சொல் உள்ள ஆங்கிலக்காரர்கள், பெயர் எல்லைக்கு அப்பால் இருந்த சில்லை அது உண்மையில் இருந்ததைவிடத் தூரமாக எண்ணினார்கள். ஒரே சொல் உள்ள மெக்சிகோவின் தாராஉமாரா மக்களிடம் அந்தச் சாய்வு இல்லை. பிறகு ஒரு மாற்றம் செய்தார்கள். ஒரு நேரத்தில் இரண்டு சில்லுகள் மட்டும் தெரியும்படி மறைத்து, நடுச் சில்லை ஒரு பக்கத்தோடு வைத்து ‘இது பச்சை கூடியது’ என்றும், மறு பக்கத்தோடு வைத்து ‘இது நீலம் கூடியது’ என்றும் சொல்லிக் காட்டினார்கள். ஒரே சில்லுக்கு இரண்டு பேரும் ஆகிவிட்டதால் பெயர் உதவாமல் போனது, ஆங்கிலக்காரர்களின் சாய்வும் மறைந்தது. கண் மாறவில்லை, பெயரை ஊன்றுகோலாகப் பிடிக்கும் வழிதான் அடைபட்டது.

2007-இல் ரஷ்ய மொழியினரை வைத்து நடந்த சோதனையும் இதையே சொல்கிறது. ரஷ்யத்தில் வெளிர் நீலத்துக்கும் அடர் நீலத்துக்கும் தனித்தனிப் பெயர். இரு பெயரின் எல்லையைத் தாண்டுகிற நீலங்களை அவர்கள் சற்று வேகமாகப் பிரித்தார்கள். மனதுக்குள் ஒரு எண்வரிசையைச் சொல்லிக்கொண்டே செய்யச் சொன்னதும் அந்த வேகம் போய்விட்டது.

இவ்வளவு இருக்க, நமீபியாவின் ஹிம்பா மக்களுக்கு நீலக் கட்டமே தெரியாது என்று ஒரு காணொளியை வருஷக்கணக்கில் எல்லாக் குழுவிலும் அனுப்புகிறார்கள். அதில் வரும் பச்சைக் கட்டங்களும் ஒற்றை நீலக் கட்டமும் தொலைக்காட்சிக்காகக் காட்டப்பட்டவை, ஆய்விதழில் வெளியான சோதனை அல்ல. ஹிம்பா பற்றிய உண்மையான ஆய்வுகள் சொல்வது சிறிய விஷயம்: அவர்களுடைய பெயர் எல்லைகள் வேறு இடத்தில் இருக்கின்றன, நினைவுச் சோதனையில் அந்த எல்லைகளை ஒட்டித் தவறுகள் விழுகின்றன.

உங்கள் வீட்டில் எல்லை எங்கே விழுகிறது என்று பார்க்க வழி இருக்கிறது. உங்கள் ஊரில் சாயப்பட்டறைக்கா பஞ்சம்? வெளுத்த பருத்தி நூலில் 10 கிராம் சிட்டம் 7 கேளுங்கள். ரியாக்டிவ் டர்காய்ஸ் சாயம் 1 கிராமை 100 மில்லி நீரில் கரைத்து, ஒவ்வொரு சிட்டத்துக்கும் 10 மில்லி. அதே அளவில் கரைத்த மஞ்சள் சாயத்தை மட்டும் 0, 0.5, 1, 1.5, 2, 3, 4 மில்லி என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு சிட்டத்துக்கும் தனித் தொட்டி: நீர் 200 மில்லி, உப்பு 10 கிராம், அரை மணி கழித்து சோடா ஆஷ் 3 கிராம், அதன் பிறகு ஒரு மணி நேரம். சூடு 80 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. டர்காய்ஸ் மூலக்கூறு பெரியது, மெதுவாகத்தான் நூலுக்குள் போகும். மற்ற சாயம் மாதிரி 60-இல் விட்டால் மஞ்சள் ஏறிவிடும், டர்காய்ஸ் தண்ணீரிலேயே நிற்கும், வரிசை முழுதும் பச்சைப் பக்கம் சரிந்துவிடும். கழுவு நீர் கடைசி வரை நீலமாகவே வந்தால் இந்தக் கோளாறுதான்.

சோப்பில் கொதிக்கவைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு, காலை வெளிச்சத்தில் நிழலில் வைத்துக் காட்டுங்கள். டியூப்லைட் வேண்டாம். வரிசையாக அடுக்காமல் ஒவ்வொன்றாகக் கலைத்து எடுத்து, ‘நீலமா பச்சையா’ என்று தனித்தனி ஆளிடம் இரண்டு சுற்று கேளுங்கள். வரிசையாக வைத்தால் ஆட்கள் இடத்தை எண்ணிப் பதில் சொல்லிவிடுவார்கள். பதில் புரளும் சிட்டம்தான் அவருடைய எல்லை. அத்தையின் எல்லை உங்கள் எல்லையிலிருந்து ஒன்றிரண்டு சிட்டம் தள்ளி இருக்கலாம், அவ்வளவே.

ஒரு எச்சரிக்கை. அத்தைக்கு அறுபது தாண்டியிருந்தால் மொழியைக் குற்றம் சொல்லும் முன் கண்ணைப் பாருங்கள். வயதானால் விழிவில்லை மஞ்சளித்து நீல ஒளியை வடிகட்டும், ராமர் பச்சை இன்னும் பச்சையாகத் தெரியும். புரை அறுவைக்குப் பிறகு நீலம் பளிச்சென்று திரும்பியதாகப் பலர் சொல்வது இதனால்தான். இதே மஞ்சளிப்பை வைத்து, வெயில் கடுமையான நாடுகளில் நீலத்துக்குத் தனிப் பெயர் குறைவு என்றும் ஒரு கருத்து இருக்கிறது, அதில் இன்னும் சர்ச்சை தீரவில்லை. ராமர் பச்சையை யாராவது சாம்பல் என்றால் அது நிறக்குருடாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

வியாபாரத்தில் இதனால் நடக்கிற நஷ்டத்தையும் சொல்ல வேண்டும். ‘ராமர் பச்சை, 40 சேலை’ என்று வாயால் ஆர்டர் எடுத்தால், கேட்டவர் மனதில் நிறம் பச்சை என்ற பெயரின் நடுப்பக்கம் நகரும். சாயம் போடுகிறவர் மஞ்சளை ஒரு துளி கூட்டுவார். சரக்கு வந்ததும், நீலம் என்று பெயர் வைத்திருந்தவர் திருப்பி அனுப்புவார். அதே அளவு வித்தியாசம் கிளிப்பச்சைக்குள்ளேயே வந்திருந்தால் யாரும் கண்டுகொள்ளாமல் வாங்கியிருப்பார்கள், ஏனென்றால் அங்கே பெயர் மாறவில்லை. வாட்ஸ்அப் படத்தை நம்பி ஆர்டர் போடும் பழக்கம் வந்த பிறகு இது இரட்டிப்பாகியிருக்கிறது. டர்காய்ஸ் நிறத்தை ஒவ்வொரு போன் கேமராவும் ஒவ்வொரு பக்கம் இழுக்கும், இரவில் விளக்கடியில் எடுத்த படமென்றால் கேட்கவே வேண்டாம். நிறம் தப்பினால் பழி கடைசியில் கூலிக்கு நெய்தவர் தலையில் விழுகிறது, இது எனக்கு ஆறாத வருத்தம். ஆர்டர் சீட்டில் பெயரை எழுதினாலும், ஒப்புக்கொண்ட நூலில் விரல் நீளத் துண்டு ஒன்றை அதே சீட்டில் பின் செய்து, சாயக் கணக்கை டர்காய்ஸ் இவ்வளவு, மஞ்சள் இவ்வளவு என்று பக்கத்தில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு சீட்டு வைத்துக்கொள்ளுங்கள்.