போர்டில் முதலிடம், பில்லில் ரிட்டர்ன்: பரிசுத் தொகை யாருக்கு?

கேள்வி: கோவையில் வீட்டு உபயோகப் பொருள் கடை நடத்துகிறேன். விற்பனையாளர்கள் ஏழு பேர். "மாதத்தில் அதிக விற்பனை செய்பவருக்கு ரூ.10,000" என்று போர்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஆகஸ்டில் ஒருவர் ரூ.6,40,000, அடுத்தவர் ரூ.6,22,000. செப்டம்பர் 1-ஆம் தேதியே முதலாமவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டேன். 3-ஆம் தேதி அவர் எழுதிய ரூ.48,000 ஃபிரிட்ஜ் ஆர்டர் கேன்சல் ஆனது, ரூ.2,000 முன்பணம்தான் வாங்கியிருந்தோம், சரக்கு குடோனை விட்டுப் போகவில்லை. 9-ஆம் தேதி இரண்டாமவர் விற்ற ரூ.36,000 வாஷிங் மெஷின் டிரம் கோளாறால் திரும்பி வந்தது. முதலாமவர் கோடில் போட்ட ரூ.80,000 டிவி பில்லுக்கு எஸ்டிமேட் எழுதியதே நான்தான் என்கிறார் இரண்டாமவர். ஸ்லிப்பும் வைத்திருக்கிறார். கொடுத்த பத்தாயிரத்தைச் சம்பளத்தில் பிடிக்கலாமா? இனி விதியை எப்படி எழுதுவது?

பதில்: சம்பளத்தில் கை வைக்காதீர்கள். 2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019 நடைமுறையில் இருக்கிறது. எந்தெந்தக் காரணத்துக்குச் சம்பளத்தில் பிடிக்கலாம் என்று அதன் 18-ஆவது பிரிவு பட்டியல் போட்டிருக்கிறது. கஸ்டமர் மனம் மாறியது அந்தப் பட்டியலில் இல்லை. ஒப்படைத்த சரக்கு ஊழியரின் கவனக்குறைவால் சேதமானால் பிடிக்கலாம். ஆர்டர் கேன்சல் ஆவது அதுவல்ல. "கூடுதலாகக் கொடுத்த ஊதியத்தைச் சரிக்கட்டுகிறேன்" என்றும் வாதாடலாம்தான். ஆனால் அதே சட்டத்தின் வரையறையில் கமிஷன் ஊதியத்தில் சேராது. சேராத பணத்தை ஊதியம் என்று சொல்லிப் பிடிப்பது கடினம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பரிசுத் தொகைத் தகராறு இப்போதைக்கு ஒப்பந்தத் தகராறு மட்டுமே. சம்பளத்தில் பிடித்த மறுநாளே அது சட்டவிரோதப் பிடித்தம் பற்றிய புகாராகிவிடும். ஊழியர் மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்யலாம், கோரிய தொகையைப் போல் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்க அதிகாரிக்கு இடம் உண்டு, கொடுக்க வேண்டியதைக் கொடுத்ததாக நிரூபிக்கும் பொறுப்பும் உங்கள் தலையில்.

சரி, ஆகஸ்டில் வென்றது யார்? உங்கள் போர்டில் உள்ள ஒரே சொல் "விற்பனை". சரக்கு விற்பனைச் சட்டம், 1930-இன் 4-ஆவது பிரிவுப்படி, பொருளின் உரிமை வாங்குபவருக்கு மாறினால்தான் விற்பனை. அதுவரை அது விற்பதாக ஓர் ஒப்பந்தம். ஆர்டர் புத்தகத்தில் அந்த ஃபிரிட்ஜுக்கு சீரியல் நம்பர் குறித்திருக்கிறதா என்று பாருங்கள். மாடல் பெயர் மட்டும் இருந்தால், எந்தப் பெட்டி அந்தக் கஸ்டமருடையது என்று ஒதுக்கவே இல்லை. அப்படியானால் அது விற்பனையே ஆகவில்லை, ரூ.48,000 கழியும், முதலாமவர் ரூ.5,92,000.

வாஷிங் மெஷின் அப்படியல்ல. அது விற்று, டெலிவரி ஆகி, பிறகு திரும்பிய சரக்கு. திரும்பினால் கழிப்போம் என்று போர்டு சொல்லவில்லை. கோளாறும் கம்பெனியுடையது. ஆகவே இரண்டாமவர் ரூ.6,22,000-இலேயே நிற்கிறார். அதைக் கழித்தால் ரூ.5,86,000 ஆகி முதலாமவர் மறுபடி முந்துவார். ஆனால் டிவி பில்லில் பாதியை, அதாவது ரூ.40,000-ஐ, எஸ்டிமேட் எழுதியவருக்குக் கொடுத்தால் ரூ.6,26,000-க்கு எதிரே ரூ.5,52,000. டிவி பில்லைப் பிரித்தால், எந்த வழியில் போனாலும் இரண்டாமவரின் கோரிக்கை பலமானது. நான் சொல்வது: முதலாமவரிடம் கொடுத்ததை விட்டுவிடுங்கள், இரண்டாமவருக்கும் பத்தாயிரம் கொடுத்து, "ஆகஸ்ட் பரிசு தொடர்பான கணக்கு முழுவதும் தீர்ந்தது" என்று எழுதி வாங்குங்கள். அவசரப்பட்டு 1-ஆம் தேதியே கொடுத்ததற்கான செலவு அது.

இனி விதிக்கு வருவோம். முதலில் பில்லைத் திருத்த வேண்டும். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற வரி அங்கே இருந்தால், கோளாறான சரக்கில் அது உங்களைக் காப்பாற்றாது. திருப்பும் காலத்தை பில்லில் குறிப்பிடாத கடை, கோளாறான பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுத்தால் அது நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. கெடு ஒன்றை அச்சிட்டால் போர்டை எப்போது மூடலாம் என்பதும் தெரிந்துவிடும். டெலிவரியிலிருந்து 10 நாள் என்று வையுங்கள். மாதக் கடைசியில் டெலிவரியான சரக்கின் கெடு அடுத்த மாதம் 10-ஆம் தேதி முடியும். 1-ஆம் தேதி போர்டில் "தற்காலிகம்" என்று எழுதுங்கள், 12-ஆம் தேதி இறுதி செய்யுங்கள், 15-ஆம் தேதி பணம். மூடிய போர்டைத் திரும்பத் திறக்கக் கூடாது. அதற்குப் பிறகு வரும் ரிட்டர்ன் கடையின் நஷ்டம்.

ஒரு விற்பனை எந்த மாதத்துக்கு என்பதை ஆர்டர் தேதி தீர்மானிக்கக் கூடாது. சரக்கு டெலிவரியாகி, முழுப் பணமும் வந்த மாதத்தில் எண்ணுங்கள். தவணைக்கு வாங்கியவர் என்றால் ஃபைனான்ஸ் கம்பெனியின் டெலிவரி ஆர்டர் கையில் வந்திருக்க வேண்டும். 31-ஆம் தேதி மச்சான் பெயரில் பில் போட்டு 2-ஆம் தேதி கேன்சல் செய்கிற வேலை இதோடு நிற்கும்.

ரிட்டர்னில் கேட்க வேண்டியது காரணம். உற்பத்திக் கோளாறு, வண்டியில் அடிபட்டது என்றால் விற்றவர் கணக்கில் கழிக்காதீர்கள். வேறு மாடலுக்கு மாற்றினால் விலை வித்தியாசத்தை மட்டும் சேருங்கள் அல்லது கழியுங்கள். கஸ்டமர் மனம் மாறினாலோ, தவறாகச் சொல்லி விற்றிருந்தாலோ முழுத் தொகையும் கழியும். காரணத்தை எழுதுவது விற்றவரோ மேலாளரோ அல்ல, அவர்களுக்கும் டார்கெட் இருக்கிறது. சர்வீஸ் ஆளின் ஜாப் கார்டில் உள்ளதே காரணம். கிரெடிட் நோட்டோடு அதைச் சேர்த்து வையுங்கள். தேதி விஷயத்தில் ஒரு தந்திரம் நடக்கும்: "சார், 13-ஆம் தேதி கொண்டு வாங்க" என்று கஸ்டமரை விற்பனையாளரே தள்ளிப்போடுவார். அதனால் கிரெடிட் நோட் தேதியை எடுக்காமல், கஸ்டமர் முதலில் புகார் சொன்ன நாளைக் கணக்கில் எடுங்கள்.

இருவர் சேர்ந்து விற்ற பில்லில் பெரும்பாலும் கோளாறு மென்பொருளில்தான்: விற்பனையாளர் கோடுக்கு ஒரே கட்டம் இருக்கும், கடைசியாக பில் தட்டியவருக்கு முழுப் புள்ளியும் போகும். இரண்டாவது கோடைக் குறிப்புக் கட்டத்தில் பில் போடும்போதே எழுத வேண்டும். எழுதினால் பாதிக்குப் பாதி. எழுத விட்டுப்போனால், பில்லுக்கு முந்தைய 15 நாளுக்குள் தேதியிட்ட எஸ்டிமேட் ஸ்லிப்போடு, பில் போட்ட இரண்டு வேலை நாளுக்குள் கேட்க வேண்டும். இருவருக்கு மேல் பங்கு கிடையாது. அதே பில் ரிட்டர்ன் ஆனால் அதே விகிதத்தில் இருவருக்கும் கழியும். கடைகள் இதைத்தான் மறக்கின்றன, பில் கோடில் இருப்பவருக்கே மொத்தமும் கழிந்துவிடும்.

மேலே சொன்ன ரிட்டர்ன், பங்கு விதிகளோடு அறிவிப்பில் இந்த வரிகளும் இருக்கட்டும்: "டெலிவரியாகி முழுத் தொகை பெற்ற பில்லே விற்பனை. 12-ஆம் தேதி வரை போர்டு தற்காலிகமானது. அதுவரை பரிசுத் தொகை யாருக்கும் சேராது. அதற்குள் வேலையை விட்டவருக்கும், இறுதிக் கணக்கில் வென்றிருந்தால், 15-ஆம் தேதி வழங்கப்படும்." ஏழு பேரிடமும் கையெழுத்து வாங்குங்கள். பணி நிபந்தனை மாற்றத்துக்கு 21 நாள் முன்னறிவிப்பு கேட்கும் விதி உங்கள் ஊழியர்களுக்குப் பொருந்தும் என்றே வைத்துக்கொண்டு, மாதத்தின் முதல் வாரத்தில் ஒட்டி, அடுத்த மாதம் 1-ஆம் தேதியிலிருந்து நடைமுறைப்படுத்துங்கள். ஒட்டிய மாதத்துக்கு பழைய போர்டுதான்.