டிபன் பாக்ஸ் தலைப்பில் எதை முதலில் எழுதுவது?

கேள்வி: எங்கள் பாத்திரக் கடையின் எவர்சில்வர் லஞ்ச் பாக்ஸை அமேசானில் விற்கிறேன். தலைப்பும் ஐந்து குறிப்புகளும் இடம் விடாமல் எழுதியிருக்கிறேன். ஆனால் பலர் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். வாங்கியவர்களிலும் சிலர் "சின்னதாக இருக்கிறது" என்று திருப்பி அனுப்புகிறார்கள். எப்படி மாற்றி எழுதுவது?

பதில்:

எழுதுவதற்கு முன் சமையலறைத் தராசை எடுத்து வையுங்கள். "சின்னதாக இருக்கிறது" என்று வரும் பெட்டியை முதலில் அளந்துவிட வேண்டும்.

எனக்கும் இதே புகார்தான் வந்தது. நான் விற்றது நீள்சதுரமான, ஒரே அடுக்குள்ள பெட்டி. நான்கு பக்கமும் கிளிப் வைத்த மூடி, உள்ளே வட்டமான ஒரு சிறு கிண்ணம். செய்து கொடுத்தவர் 1000 மி.லி. என்றார், நானும் அப்படியே எழுதினேன். திருப்பி அனுப்பியவர்களின் காரணங்களை வரிசையாகப் படித்த பிறகுதான் காலிப் பெட்டியைத் தராசில் வைத்து, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினேன். ஒரு கிராம் தண்ணீர் ஒரு மில்லி லிட்டர், கணக்குப் போட எதுவும் இல்லை. தராசு 850 காட்டியது. மீதி 150 எங்கே என்று தேடினால், அது உள்கிண்ணத்தின் கொள்ளளவு. பெட்டிக்குள் உட்கார்ந்து இடத்தை அடைக்கிற கிண்ணத்தைப் பெட்டியோடு கூட்டி 1000 ஆக்கியிருக்கிறார்கள்! உண்மையில் கிண்ணத்தை உள்ளே வைத்து, மூடி அழுந்தும் அளவுக்கு மேலே கொஞ்சம் இடமும் விட்டால் சாதத்துக்கு மிஞ்சுவது சுமார் 600 மி.லி. மட்டுமே. ஒரு லிட்டர் என்று நம்பி வாங்கியவர் கோபப்பட்டதில் தவறே இல்லை.

உங்கள் பெட்டியையும் இப்படி அளந்து பாருங்கள். பிறகு அதில் இட்லி அடுக்குங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 850 மி.லி. என்றால் எவ்வளவு என்று வாங்குபவருக்குக் கண்ணில் தெரியாது, நான்கு இட்லி என்றால் தெரியும். என் பெட்டியில் கிண்ணம் இல்லாமல் நான்கு இட்லி இரண்டிரண்டாக அடங்கின. கிண்ணத்தை வைத்தால் இரண்டு இட்லியும் சட்னியும்தான்.

இனி தலைப்பு. என் பழைய தலைப்பு ஏறக்குறைய இப்படி இருந்தது (தளத்தில் ஆங்கிலத்தில் உள்ளிட்டதைத் தமிழில் தருகிறேன்):

> பிரீமியம் தரமான ஸ்டீல் லஞ்ச் பாக்ஸ் டிபன் பாக்ஸ் உணவு டப்பா ஆண்கள் பெண்கள் குழந்தைகள் பள்ளி கல்லூரி அலுவலகம் லீக் ப்ரூஃப் சூடான உணவு 1000 மி.லி.

அமேசான் தலைப்புக்கு இத்தனை எழுத்து வரை என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறது. அவ்வளவையும் நிரப்பத்தான் வேண்டும் என்று நினைத்துவிடுகிறோம். கைப்பேசியில் தேடுகிறவர் கண்ணுக்கு முதல் இரண்டு வரி வந்தால் பெரிது, மீதி மூன்று புள்ளிக்குள் மறைந்துவிடும். மேலே உள்ள தலைப்பில் அப்படி முன்னால் நிற்பது "பிரீமியம் தரமான ஸ்டீல் லஞ்ச் பாக்ஸ் டிபன் பாக்ஸ் உணவு டப்பா". ஒரே பொருளை மூன்று பெயரில் அழைத்திருக்கிறேன், வாங்குபவர் தேடுகிற அளவு கடைசியில் ஒளிந்திருக்கிறது. டிபன், டப்பா போன்ற மாற்றுப் பெயர்களுக்கு விற்பனையாளர் பக்கத்திலேயே தேடல் சொற்களுக்கென்று தனிக் கட்டம் இருக்கிறது. வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கட்டத்தில் அவற்றைப் போடுங்கள்.

"சூடான உணவு" என்ற சொல் செய்த சேதம் தனி. என் பெட்டி ஒற்றைத் தகடு. காலை ஏழு மணிக்கு அடைத்த சாதம் பன்னிரண்டரைக்கு ஆறித்தான் போயிருக்கும். சூடு காக்கும் இரட்டைச் சுவர்ப் பெட்டி தேடியவர்கள் அந்தச் சொல்லைப் பார்த்து வாங்கினார்கள், மறுநாளே திருப்பினார்கள். தேடலில் மேலே வருவதற்காக இல்லாத குணத்தைத் தலைப்பில் சேர்த்தால், போக்குவரத்துச் செலவு நம் தலையில் விழும்.

மாற்றிய தலைப்பு இது:

> (கடைப் பெயர்) எவர்சில்வர் லஞ்ச் பாக்ஸ், 850 மி.லி., ஒரே அடுக்கு, 150 மி.லி. உள்கிண்ணத்துடன், 4 கிளிப் மூடி, பள்ளிக்கும் அலுவலகத்துக்கும்

என்ன பொருள், எவ்வளவு பிடிக்கும், எத்தனை அடுக்கு: இந்த மூன்றும் வெட்டு விழும் இடத்துக்கு முன்பே முடிந்துவிடுகின்றன. "பிரீமியம்" போனதால் எனக்கு ஒரு விற்பனையும் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆங்கிலத்தில் உள்ளிடும்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றே எழுதுங்கள். எவர்சில்வர் நம் ஊர்ச் சொல், வடக்கே இருப்பவர் அப்படித் தேட மாட்டார்.

தலைப்பில் 304 என்று போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ரசீதிலோ சோதனைச் சான்றிதழிலோ இருந்தால் தாராளமாகப் போடுங்கள், அதற்கு மதிப்பு உண்டு. 304 என்றால் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கலந்த எஃகு. விலை குறைந்த 202 வகையில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். உப்பும் புளியும் நாள் முழுக்க நிற்கும் பாத்திரத்தில் துரு எதிர்ப்பு அதனால் கொஞ்சம் குறையும். காந்தம் ஒட்டவில்லை, ஆகவே 304 என்று கடைக்காரர் செய்து காட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். 202லும் காந்தம் ஒட்டாது. அதே சமயம் அசல் 304 தகட்டையும் அழுத்திப் பெட்டியாக இழுத்தால், மூலைகளில் காந்தம் லேசாக ஒட்டும். என் சரக்குக்குச் சான்றிதழ் கிடைக்கவில்லை, அதனால் எண்ணை எழுதாமல் விட்டேன். மூடி பிளாஸ்டிக் என்றால் "முழுவதும் ஸ்டீல்" என்றும் எழுதக் கூடாது. இதை மறந்துவிட்டு ஒரு வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

குறிப்புகளில் நாம் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. "உயர்ந்த தரம்:", "சிறந்த வடிவமைப்பு:" என்று தலைச்சொல் வைத்துவிட்டு, உண்மையான செய்தியை வரியின் நடுவில் புதைப்போம். கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போகிறவர் ஒவ்வொரு வரியிலும் முதல் இரண்டு மூன்று சொற்களைத்தான் பார்ப்பார். அங்கே "கொள்ளளவு:" என்று இருந்தால் இன்னும் படித்தாக வேண்டும், "850 மி.லி.:" என்று இருந்தால் அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

எந்த ஐந்தை எழுதுவது என்பதற்கு, உங்கள் பெட்டிக்கும் அதுபோன்ற பிறர் பெட்டிகளுக்கும் வந்த ஒன்று, இரண்டு நட்சத்திர விமர்சனங்களைப் படியுங்கள். நான் பார்த்தவரை அளவுக்கு அடுத்த புகார் கசிவுதான், அதிலும் இரண்டு வகை. வெளியே கசிந்து பையை நனைப்பது ஒன்று. அதற்கு மூடியில் சிலிக்கோன் வளையம் இருக்கிறது. உள்கிண்ணத்தின் மூடிக்குப் பல பெட்டிகளில் வளையம் கிடையாது, வெறுமனே அழுத்தி மூடுவதுதான். பெட்டி சாய்ந்தால் வெளியே ஒரு சொட்டும் வராது, ஆனால் உள்ளே சாம்பார் தயிர் சாதத்தோடு கலந்திருக்கும். "லீக் ப்ரூஃப்" என்று மட்டும் எழுதினால் வாங்குபவர் இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்வார்.

அதனால் சோதித்துவிட்டு எழுதுங்கள். பெட்டியில் மஞ்சள் கரைத்த தண்ணீரும் கிண்ணத்தில் கெட்டிக் குழம்பும் ஊற்றி, செய்தித்தாள் சுற்றி, பள்ளிப் பைக்குள் அரை மணி நேரம் பக்கவாட்டில் கிடத்துங்கள். பிறகு கிண்ணத்தில் ரசம் ஊற்றி இன்னொரு முறை. என் பெட்டியின் வெளிமூடி தேறியது. கிண்ணம் குழம்பில் தேறியது, ரசத்தில் தோற்றது. தோற்றதையும் எழுதிவிட்டேன். எழுதினால் விற்காது என்று தம்பி சண்டைக்கு வந்தான். ரசம் கொண்டுபோகிறவர் வாங்காமல் போவது, வாங்கித் திருப்பி அனுப்புவதைவிட எனக்கு மலிவு.

கடைசியில் நின்ற ஐந்து வரிகள்:

> 850 மி.லி., ஒரே அடுக்கு: 4 இட்லி அடங்கும். உள்கிண்ணம் வைத்தால் 2 இட்லியும் சட்னியும், அல்லது சுமார் 600 மி.லி. சாதமும் பொரியலும்.
>
> வெளியே கசியாத மூடி: 4 கிளிப், கழற்றிக் கழுவும் சிலிக்கோன் வளையம். உள்கிண்ணம் கெட்டிக் குழம்புக்கும் சட்னிக்கும் மட்டும், ரசத்துக்கும் மோருக்கும் ஏற்றதல்ல.
>
> ஒற்றைச் சுவர், எடை குறைவு: உணவைச் சூடாக வைத்திருக்காது. மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கக் கூடாது.
>
> ஸ்டீல் உடல், பிளாஸ்டிக் மூடி: உணவு வைக்கும் பெட்டியும் கிண்ணமும் எவர்சில்வர். வெளிமூடியும் கிளிப்பும் பிளாஸ்டிக்.
>
> பெட்டி 1, கிண்ணம் 1, வளையம் 1: படத்தில் உள்ள பையும் கரண்டியும் சேராது.

ஐந்தாவது வரி அற்பமாகத் தோன்றும். படத்தில் அழகுக்கு வைத்த துணிப் பையைக் கேட்டு எனக்கு எத்தனை செய்திகள் வந்தன தெரியுமா? முடிந்தால் பையைப் படத்திலிருந்தே எடுத்துவிடுங்கள்.

வெளியிடும் முன் ஒரு சோதனை. பக்கத்தைக் கைப்பேசியில் திறந்து, பாத்திரக் கடையோடு தொடர்பில்லாத ஒருவரிடம் நீட்டி, ஐந்து நொடியில் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். எவ்வளவு பிடிக்கும், எத்தனை அடுக்கு, சூடு நிற்குமா என்று கேளுங்கள். என் அக்கா முதல் இரண்டுக்குச் சரியாகச் சொன்னாள், மூன்றாவதற்கு "நிற்கும்" என்றாள். அப்போது ஒற்றைச் சுவர் என்ற வரி ஐந்தாவதாக இருந்தது. அதை மூன்றாவதாக ஏற்றியது அதன் பிறகுதான்.

இத்தனைக்குப் பிறகும் எனக்கு ஒரு புகார் வந்துகொண்டிருக்கிறது: குழந்தையால் மூடியைத் திறக்க முடியவில்லை என்று. கொதிக்கும் சாதத்தை அடைத்து உடனே மூடினால், ஆறும்போது உள்ளே காற்றழுத்தம் குறைந்து மூடி கவ்விப் பிடித்துக்கொள்ளும். வளையம் நன்றாக இருக்கும் பெட்டியில்தான் இது நடக்கும். ஆவி அடங்கிய பின் மூடுங்கள் என்று இரண்டாவது வரியில் சேர்க்கலாமா, அல்லது பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டாகப் போடலாமா என்று யோசித்துப் பார்த்தேன். இப்போதைக்குச் சீட்டுதான் போடுகிறேன், ஏனென்றால் அந்த வரி ஏற்கெனவே நீளம்.