மெஸ்ஸியை வெளியே தள்ளிய சம்பள வரம்பு

கேள்வி: மெஸ்ஸி பாதிச் சம்பளத்துக்குச் சம்மதித்தும் பார்சிலோனா ஏன் அவரை விட்டது?

ஸ்பெயினின் கால்பந்து லீக்கான லா லிகாவில், ஒரு கிளப் தன் அணிக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்று லீக்கே வரம்பு வைக்கிறது. எதிர்பார்க்கும் வருமானத்தில் மற்றச் செலவும் கடன் தவணையும் போக மிஞ்சுவதுதான் அது. வாடகையும் தவணையும் கட்டியபின் கையில் நிற்கும் காசுக்குள் மளிகை வாங்குவது மாதிரி. கிளப்புகள் கடனில் மூழ்கி, வீரர்களுக்கே சம்பள பாக்கி வைத்ததால் வந்த விதி இது.

2021-இல் மெஸ்ஸியையும் சேர்த்தால் சம்பளம் மட்டுமே வருமானத்தில் 110 சதவீதம், அவர் இல்லாமலே 95 என்றார் கிளப் தலைவர் லபோர்ட்டா. வரம்பு மீறினால் மெஸ்ஸியுடையது போன்ற புது ஒப்பந்தத்தை லீக் பதிவு செய்யாது. பதிவில்லாதவர் களமிறங்க முடியாது. அணியின் மூத்த வீரர் பிக்கே தன் சம்பளத்தைக் கணிசமாகக் குறைத்துக்கொண்ட பிறகுதான் புதிதாகச் சேர்ந்த டெப்பாய், எரிக் கார்சியா பதிவானார்கள். அந்த மனசு பெரிது.

எல்லா அணிக்கும் ஒரே தொகை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அவரவர் வருமானத்தைப் பொறுத்து வரம்பு மாறும்.